வந்த வழியே திரும்பிய பணம்: மலேசியா 1997–98, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாட் மணி, அந்நிய முதலீடு இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. பினாங்கில் 1970களில் மின்னணுத் தொழிற்சாலை கட்டிய அமெரிக்க நிறுவனமும் அந்நிய முதலீட்டாளர்தான். ஆனால் அதற்கு மனம் மாறினால் கட்டடத்தையும் இயந்திரத்தையும் யார் தலையில் கட்டுவது என்று பல மாதம் அலைய வேண்டும். கோலாலம்பூர் பங்குச் சந்தையில் பங்கு வாங்கிய லண்டன் முதலீட்டு நிதிக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரு தொலைபேசி அழைப்பில் விற்றுவிடலாம். இந்த இரண்டாவது வகைதான் போர்ட்ஃபோலியோ முதலீடு. அதிலும் பொறுமையாகக் கிடக்கும் ஓய்வூதிய நிதிகள் உண்டு. வட்டி வித்தியாசத்துக்காகவோ விலையேற்றத்துக்காகவோ சில மாதங்களுக்கு மட்டும் வந்து, சத்தம் கேட்டதும் பறக்கும் பகுதியைத்தான் ஹாட் மணி என்கிறோம். வரும்போது இரண்டையும் பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் டாலரின் நிறம் ஒன்றுதான்.

1997 ஆசிய நிதி நெருக்கடி என்றால் எல்லோரும் தாய்லாந்தைச் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் மலேசியாவை எடுக்கிறீர்கள்?

தீ மூண்டது தாய்லாந்தில்தான். 1997 ஜூலை 2 அன்று பாட் நாணயத்தின் நிலையான மதிப்பைக் கைவிட்டார்கள். ஆனால் தாய்லாந்தை முடக்கியது பெரும்பாலும் குறுகியகால டாலர் கடன். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வெளிநாட்டில் வாங்கி உள்ளூரில் கொடுத்த கடன் அது.

மலேசியாவில் கதை வேறு. அங்கே மத்திய வங்கியான பேங்க் நெகாரா, உள்ளூர் நிறுவனங்கள் டாலரில் கடன் வாங்குவதைக் கட்டுக்குள் வைத்திருந்தது. ஆகவே வெளிநாட்டுப் பணம் பங்குச் சந்தை வழியாக நுழைந்தது. 1993ஆம் ஆண்டில் மட்டும் கோலாலம்பூர் குறியீட்டெண் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1996 முடிவில் அந்தச் சந்தையிலிருந்த பங்குகளின் மொத்த மதிப்பு, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல மூன்று மடங்கு. சிறு நாடு, அதன் உடம்புக்குப் பொருந்தாத பெரிய சந்தை. பங்கு வழியாக வந்த பணம் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் உதாரணம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

ஒருவர் பங்கை விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். பணம் கைமாறுகிறது, அவ்வளவுதானே? அதில் நாணயம் ஏன் விழ வேண்டும்?

இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

லண்டன் நிதி ஒன்று தன் மலேசியப் பங்குகளை விற்கிறது. வாங்குவது டோக்கியோ நிதி என்றால் நாணயத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வெளிநாட்டவர் போய் இன்னொருவர் வந்திருக்கிறார். வாங்குவது மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் ஒருவர் என்றால் லண்டன்காரரின் கையில் இப்போது ரிங்கிட் இருக்கிறது. (மலேசியத் தமிழர்கள் இதை இன்றும் வெள்ளி என்றே சொல்கிறார்கள்.) அதை வைத்து லண்டனில் ஒரு தேநீர்கூட வாங்க முடியாது. எனவே வங்கிக்குப் போய் டாலர் கேட்கிறார். வங்கி அந்த டாலரை யாரிடமிருந்தாவது வாங்கியாக வேண்டும். சாதாரண நாளில் ஏற்றுமதியாளர்கள் கொண்டுவரும் டாலர் போதும். ஒரே வாரத்தில் நூறு நிதிகள் கேட்டால் போதாது. டாலரின் விலை ஏறுகிறது, அதாவது ரிங்கிட் விழுகிறது.

இதுவரை நடந்தது சிறிய விஷயம்தான். அடுத்து உள்ளூர்க்காரர்கள் செய்வதுதான் பெரியது. ரிங்கிட் விழுவதைப் பார்த்த ரப்பர், பாமாயில் ஏற்றுமதியாளர், தனக்கு வரவேண்டிய டாலரை இன்னும் பத்து நாள் வெளியிலேயே வைத்திருப்போம் என்று நினைக்கிறார். இறக்குமதியாளரோ மூன்று மாதம் கழித்துக் கட்டவேண்டிய தொகைக்கு இன்றே டாலர் வாங்கிவிடுகிறார். இருவரும் சூதாடிகள் அல்லர். தம் கடையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் டாலர் விற்பவர் பின்வாங்கி, வாங்குபவர் முந்திக்கொண்டதால், வெளிநாட்டவர் எடுத்துப்போன தொகையைவிடப் பல மடங்கு அழுத்தம் நாணயத்தின்மேல் விழுகிறது. அதனால்தான் வெளியேறிய தொகையை மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள், இவ்வளவு சிறிய தொகைக்கு இவ்வளவு பெரிய சரிவா என்று வியக்கிறார்கள்.

வெளியேறியவர்களுக்கு உண்மையில் எவ்வளவு நட்டம்?

உச்சத்தில் வாங்கி அடியில் விற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1997 பிப்ரவரி இறுதியில் குறியீட்டெண் 1,271. டாலருக்கு ஏறத்தாழ 2.50 ரிங்கிட். அவர் கொண்டுவந்த 100 டாலர் 250 ரிங்கிட் ஆகிறது; முழுவதையும் பங்கில் போடுகிறார்.

1998 செப்டம்பர் 1 அன்று குறியீட்டெண் 262. அவருடைய 250 ரிங்கிட் இப்போது சுமார் 52 ரிங்கிட். டாலரோ 4.20 ரிங்கிட் அளவில் இருக்கிறது. மாற்றினால் கையில் கிடைப்பது 12 டாலர் சொச்சம்.

உள்ளூர் முதலீட்டாளர் ஐந்தில் நான்கு பங்கை இழந்தார். வெளிநாட்டவர் எட்டில் ஏழு பங்கை இழந்தார். முதலில் ஓடியவர் தப்பிப்பார், கடைசியில் ஓடுபவர் எல்லாவற்றையும் இழப்பார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பங்கு விழுந்தால் நாணயம் விழும், நாணயம் விழுந்தால் மிச்சமிருக்கும் வெளிநாட்டவரின் டாலர் கணக்கில் பங்கு இன்னும் விழும், அவரும் விற்பார். நிறுவனத்தின் லாபத்தில் ஒரு காசும் குறையாவிட்டாலும் இந்தச் சுழல் நிற்காமல் சுற்றும்.

விலை இவ்வளவு மலிந்தபோது உள்ளூர் மக்கள் வாங்கியிருக்கலாமே?

வாங்கவேண்டியவர்களே விற்கவேண்டிய நிலையில் இருந்தார்கள். பங்குகளை அடகு வைத்து வங்கிக் கடன் வாங்குவது அப்போது அங்கே சாதாரணம். கடனில் வாங்கிய பங்கையே அடகு வைத்து மேலும் கடன் வாங்குவதும் உண்டு. பங்கின் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் வங்கி கூடுதல் பணம் கேட்கும். கட்டாவிட்டால் அடகுப் பங்கைச் சந்தையில் விற்றுவிடும். வெளிநாட்டவர் விற்றதால் விலை இறங்கியது, விலை இறங்கியதால் வங்கிகள் விற்றன.

பேங்க் நெகாரா இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தது. 1997 மார்ச் இறுதியில், வங்கிகள் பங்கு வாங்கவும் நிலம், கட்டடத்துக்கும் கொடுக்கும் கடனுக்கு உச்சவரம்பு விதித்தது. சரியான முடிவுதான், சில ஆண்டுகள் தாமதமாக வந்தது. சந்தை அப்போதிலிருந்தே இறங்கத் தொடங்கியது. பாட் விழுவதற்கு மூன்று மாதம் முன்பே என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறிய சந்தையில் ஒரு நிறுவனத்தின் பெரும்பங்கு அரசிடமோ நிறுவனக் குடும்பத்திடமோ அசையாமல் கிடக்கும். உண்மையில் அன்றாடம் கைமாறுவது மிச்சத் துண்டு மட்டுமே. அந்தத் துண்டில்தான் வெளிநாட்டவர்கள் குவிந்திருப்பார்கள். ஆகவே சந்தையின் மொத்த மதிப்பில் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்பதைவிட, அன்றாட வியாபாரத்தில் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும்.

மத்திய வங்கி தன்னிடமிருந்த டாலரை விற்று ரிங்கிட்டைத் தாங்கியிருக்க முடியாதா?

முயன்றார்கள். பாட் விழுந்த பின் ஒரு வாரம் டாலரை விற்றார்கள். ரிங்கிட்டைக் கடன் வாங்கி விற்பவர்களுக்கு வலிக்கட்டும் என்று, வங்கிகளுக்கிடையிலான ஒரு நாள் வட்டியை 40 சதவீதம் அளவுக்கு எகிற விட்டார்கள். ஜூலை 14 அன்று கைவிட்டார்கள். அந்த வட்டி இன்னும் சில வாரம் நீடித்திருந்தால், பங்கை அடகு வைத்த உள்ளூர்க்காரர்கள்தான் முதலில் மூழ்கியிருப்பார்கள்.

தாய்லாந்து கைவிடாமல் பிடித்துத் தொங்கியது. அதன் கையிருப்பு காகிதத்தில் 3,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. ஆனால் அதில் 2,300 கோடி டாலருக்கு மேல், பின்னொரு தேதியில் டாலர் தருகிறோம் என்ற முன்பேர ஒப்பந்தங்களில் ஏற்கெனவே வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வெளியே தெரிந்தது பெட்டி. உள்ளே இருந்தது கொஞ்சம். எந்த நாட்டின் கையிருப்பைப் படித்தாலும், முன்பேரத்தில் விற்ற டாலரைக் கழித்தபின் மீதி என்ன என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் நாணய ஊக வணிகர் ஜார்ஜ் சோரோஸ்தான் காரணமா?

பிரதமர் மகாதீர் அப்படித்தான் சொன்னார். 1997 செப்டம்பரில் ஹாங்காங்கில் நடந்த உலக வங்கி, ஐ.எம்.எஃப். ஆண்டுக் கூட்டத்தில் நாணய வியாபாரமே ஒழுக்கக்கேடு என்று பேசினார். அடுத்த நாளே சோரோஸ் பதிலுக்குத் தாக்கினார். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ரிங்கிட்டுக்கோ ஒவ்வொரு பேச்சும் ஓர் அடி.

நாணயத்துக்கு எதிராகப் பந்தயம் கட்டியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கதவருகே கூட்டம் சேர்த்ததில் அரசுக்கும் பங்குண்டு. ஆகஸ்ட் இறுதியில், குறியீட்டெண்ணில் இருந்த 100 பங்குகளைக் கையில் இல்லாமல் விற்பதற்குத் தடை போட்டார்கள். நாளை நம்மையே விற்கவிடாமல் செய்வார்களோ என்று பயந்து, விற்கும் எண்ணமே இல்லாத நிதிகளும் விற்றன. சந்தை மளமளவென்று சரிந்ததும் செப்டம்பர் முதல் வாரத்தில் தடையை விலக்கிக்கொண்டார்கள். இடையில் 6,000 கோடி ரிங்கிட் நிதி திரட்டி, உள்ளூர்க்காரர்களிடமிருந்து மட்டும் சந்தை விலைக்கு மேல் கொடுத்துப் பங்கு வாங்குவோம் என்றும் ஓர் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டவர் அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1998 ஜனவரி 7 அன்று டாலர் 4.88 ரிங்கிட்டைத் தொட்டது. பேச்சுக்கும் தடைக்கும் கொடுத்த விலை இதில் எத்தனை காசு என்று பிரிக்க முடியாது; இல்லவே இல்லை என்று சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

1998 செப்டம்பர் 1 அன்று என்னதான் செய்தார்கள்?

அதைப் புரிந்துகொள்ள முதலில் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். ரிங்கிட் விழும் என்று பந்தயம் கட்ட விரும்புபவருக்கு, விற்பதற்கு முதலில் ரிங்கிட் வேண்டும். அதைச் சிங்கப்பூர் வங்கிகளில் கடன் வாங்கினார்கள். அந்த வங்கிகள் ரிங்கிட் வைப்புக்கு 20 முதல் 40 சதவீதம் வரை வட்டி கொடுத்தன. கோலாலம்பூரில் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. மலேசியர்களே தங்கள் சேமிப்பை ஜொகூர் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். தங்கள் நாணயத்தை அடிப்பதற்கான தடியை வட்டிக்கு விட்டார்கள் என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் நடந்தது அதுதான். மேலும் பேங்க் நெகாரா வட்டியைக் குறைத்தால் இன்னும் பணம் அங்கே ஓடும்; குறைக்காவிட்டால் உள்நாட்டுத் தொழில் சாகும்.

செப்டம்பர் 1 அறிவிப்பு இந்தக் கதவைத்தான் அடைத்தது. வெளியே இருக்கும் ரிங்கிட் எல்லாம் ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 1க்கு முன், நாட்டுக்குள் வர வேண்டும்; அதன்பின் வெளியே அது வெறும் காகிதம். பயணிகள் 1,000 ரிங்கிட்டுக்கு மேல் கொண்டுபோகவோ வரவோ கூடாது. பங்கு விற்ற வெளிநாட்டவரின் பணம் ஓராண்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். மறுநாள் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பை நிலைநிறுத்தினார்கள். அதே நாளில் துணைப் பிரதமர் அன்வர் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டார். மத்திய வங்கி ஆளுநர் அதற்குச் சில நாள் முன்பே விலகியிருந்தார். பொருளாதார முடிவும் அரசியல் சண்டையும் ஒரே வாரத்தில் நடந்ததால், எது எதற்காக என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

எதை அடைக்கவில்லை என்பதும் முக்கியம். ஏற்றுமதி, இறக்குமதிக்கான பணம், தொழிற்சாலை முதலீடு, அதன் லாபம், வட்டி, பங்காதாயம் ஆகியவை தடையின்றிப் போய்வந்தன.

இதில் அடிபட்டவர்கள் யார்?

சிங்கப்பூர்ச் சிறு முதலீட்டாளர்கள். அங்கே கிளோப் என்ற சந்தையில் மலேசியப் பங்குகள் பல ஆண்டுகளாகக் கைமாறிவந்தன. கட்டுப்பாடுகளோடு அதை மலேசியா அங்கீகரிக்க மறுத்தது. ஏறத்தாழ 1,70,000 பேரின் பங்குகள் முடங்கின. விடுவிப்பதற்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. இவர்களில் பெரும்பாலோர் ஊக வணிகர்களே அல்லர். வலை விரித்தது சுறாவுக்கு, சிக்கியது நெத்திலி.

கட்டுப்பாடு பலித்ததா?

எண்களை மட்டும் பார்த்தால் பலித்தது. வட்டி வேகமாக இறங்கியது. 262இல் கிடந்த குறியீட்டெண் அந்த ஆண்டு முடிவில் 586. 1998இல் 7.4 சதவீதம் சுருங்கிய பொருளாதாரம் 1999இல் 6.1 சதவீதம் வளர்ந்தது.

ஆனால் கட்டுப்பாடு போடாத தென்கொரியாவும் தாய்லாந்தும் அதே 1999இல் எழுந்தன. அமெரிக்க மத்திய வங்கி 1998 செப்டம்பர் முடிவிலிருந்து வட்டியைக் குறைத்தது. ஆசியா முழுவதும் மூச்சு வந்தது. மலேசியா கதவைப் பூட்டும்போது, ஓடவேண்டிய பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ஓடிவிட்டிருந்தது. டானி ராட்ரிக், ஈதன் கப்லான் ஆகிய பொருளாதார அறிஞர்கள் வேறு கோணத்தில் ஒப்பிட்டார்கள்: மற்ற நாடுகள் ஐ.எம்.எஃப். உதவிக்குப் போன கட்டத்தோடு மலேசியா பூட்டுப் போட்ட கட்டத்தை வைத்துப் பார்த்தால் மலேசியாவின் மீட்சி வேகமானது என்றார்கள். அந்த ஒப்பீட்டை ஏற்காதவர்களும் உண்டு.

என் கணிப்பு: ஓடும் பணத்தை அது பெரிதாகத் தடுக்கவில்லை. வட்டியைக் குறைத்தால் ரிங்கிட் உடைந்துவிடும் என்ற பயத்தை நீக்கியது. அந்த இடைவெளியில் வாராக்கடன்களை வாங்க டானாஹர்த்தா, வங்கிகளுக்கு மூலதனம் போட டானாமோடல் என்ற இரண்டு நிறுவனங்கள் வேலையை முடித்தன. பூட்டிவிட்டு அந்த வேலையைச் செய்யாதிருந்தால், திறக்கும் நாளில் பழைய கதைதான்.

திறந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1999 பிப்ரவரியில் ஓராண்டுத் தடையை எடுத்துவிட்டு வெளியேறும் வரியாக மாற்றினார்கள்: சீக்கிரம் போனால் 30 சதவீதம், தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். தடை என்றால் திறக்கும் நாளுக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். படிப்படியான வரி அந்தக் கூட்டத்தைக் கலைத்தது. செப்டம்பரில் ஓராண்டு முடிந்தபோது எதிர்பார்த்த ஓட்டம் நடக்கவில்லை. 2001இல் வரியும் போனது, 3.80 மட்டும் 2005 ஜூலை வரை நின்றது.

போகும்போது தடுப்பதைவிட வரும்போதே தடுக்கலாமே?

மலேசியாவே 1994இல் அதைச் செய்தது. ஜனவரியில், வெளிநாட்டவருக்குக் குறுகியகாலப் பணச் சந்தைப் பத்திரங்களை விற்கத் தடை. வெளிநாட்டு வங்கிகளின் ரிங்கிட் கணக்குகளில் இருந்த பணத்தை வட்டியில்லாமல் பேங்க் நெகாராவில் வைக்க வேண்டும் என்ற விதி. பணம் நின்றது, அதே ஆண்டில் பெரும்பாலானவற்றை விலக்கிவிட்டார்கள். அப்போது விடாமல் வைத்திருந்தால் 1997 எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. சிலி 1991 முதல் உள்ளே வரும் கடனில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் மத்திய வங்கியில் வைக்கச் சொன்னது. அது 30 சதவீதம் வரை போனது. மலேசியா பூட்டுப் போட்ட அதே 1998 செப்டம்பரில் சிலி அந்த வீதத்தைப் பூஜ்யமாக்கியது.

இந்தியாவில் இப்படி நடக்குமா? 2024இல் வெளிநாட்டு நிதிகள் கொட்டி விற்றனவே?

விற்றன. 2024 அக்டோபரில் மட்டும் 94,000 கோடி ரூபாய்க்கு மேல். நிஃப்டி சுமார் 6 சதவீதம் இறங்கியது. ரூபாய் அதிகம் அசையவில்லை. அந்த மாதம் மாதத் தவணை முதலீடான எஸ்.ஐ.பி. வழியாக மட்டும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 25,000 கோடிக்கு மேல் வந்தது. உள்ளூர் நிறுவனங்கள் ஏறக்குறைய வெளிநாட்டவர் விற்ற அளவுக்கு வாங்கின. கோலாலம்பூரில் இல்லாதிருந்த வாங்குபவர் இவர்தான். ரிசர்வ் வங்கியிடம் 70,000 கோடி டாலர் அளவுக்குக் கையிருப்பும் இருந்தது.

ஆனால் மேலே சொன்ன கணக்கு மறைந்துவிடவில்லை. உள்ளூர்ப் பணம் பங்கு விலையைத்தான் தாங்குகிறது. வெளியேறுபவருக்குத் தேவை டாலர். அதைக் கோயம்புத்தூர் முதலீட்டாளரின் எஸ்.ஐ.பி. கொடுக்க முடியாது, ரிசர்வ் வங்கிதான் கொடுக்க வேண்டும். 2013இல் கையிருப்பு மெலிந்திருந்தபோது, அமெரிக்க மத்திய வங்கி பத்திரம் வாங்குவதைக் குறைக்கப்போகிறது என்ற பேச்சுக்கே ரூபாய் மே மாதத்தின் 54, 55இலிருந்து ஆகஸ்டில் 68க்கு விழுந்தது.

நெருங்கி வருகிறது என்பதை எதை வைத்து அறிவது?

குறியீட்டெண்ணை வைத்து அல்ல. அது கடைசியில்தான் சொல்லும். அதே நாணயத்துக்கு நாட்டுக்குள் ஒரு வட்டியும் வெளியே வேறொரு வட்டியும் இருந்து அந்த இடைவெளி விரிந்தால், யாரோ அந்த நாணயத்தைக் கடன் வாங்கி விற்கிறார்கள் என்று பொருள். ஏற்றுமதி நன்றாக நடந்தும் டாலர் வந்துசேரத் தாமதமானால், உள்ளூர்க்காரர்களே நம்பிக்கை இழக்கிறார்கள். மத்திய வங்கியின் கையிருப்பு மாறாமல் நிற்க, அதன் முன்பேர விற்பனை ஏறிக்கொண்டே போனால், பாங்காக்கில் 1997 மே மாதத்தில் இருந்த நிலைதான் அது. மூன்றாவது எண் வாராந்தர அறிக்கையில் தலைப்பாக வராது. பெரும்பாலான மத்திய வங்கிகள் அதை மாதாந்தரப் புள்ளிவிவரத்தின் உள்ளே ஓர் அட்டவணையில், அதுவும் சில வாரத் தாமதத்தோடு போடுகின்றன.